அக்கா அனுப்பிய டயர் போட்டோக்கள்

அக்கா தெம்பனீஸில் இருக்கிறாள், நான் உட்லண்ட்ஸில். போன செப்டம்பரில் ஒரு ராத்திரி வாட்ஸாப்பில் நான்கு போட்டோ வந்தது. நான்கும் டயர்கள். கீழே ஒரு வரி: "தம்பி, இப்போ ரெண்டுதான் மாத்த முடியும். எதை முதல்ல மாத்தணும்னு பாத்துச் சொல்லு." தீபாவளிக்கு முன் குடும்பத்தோடு மலாக்கா போவதாக இருந்தார்கள். காஸ்வேயைத் தாண்டி நெடுஞ்சாலையில் மூன்று மணி நேர ஓட்டம். அக்டோபர், நவம்பரில் அந்தப் பாதையில் மதியத்துக்கு மேல் கொட்டும் மழை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். டயர் பள்ளத்தில் ஆழம் இல்லை என்றால் தண்ணீரை வெளியே தள்ள வழியில்லாமல் வண்டி தண்ணீர் மேலேயே மிதக்க ஆரம்பித்துவிடும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன்: "முன் வலது டயர்தான் ரொம்ப மோசம். முன் இடது பரவாயில்லை." இந்தப் பதில் தப்பு. எப்படித் தப்பானது, அப்புறம் போட்டோவை மட்டும் வைத்தே எப்படிச் சரியான வரிசை கிடைத்தது என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கே முதலில் சந்தேகம் வந்தது மறுநாள் காலையில். நான்கு டயரையும் மொத்தமாகப் பார்த்து வரிசைப்படுத்தாமல், இரண்டு இரண்டாகப் பக்கத்தில் வைத்து "இதில் எது அதிகம் தேய்ந்தது?" என்று கேட்டுப் பார்த்தேன். நான்கு டயருக்கு ஆறு ஜோடி வரும். முன் வலது, முன் இடதை விட மோசமாகத் தெரிந்தது. முன் இடது, பின் வலதை விட மோசம். ஆனால் பின் வலதையும் முன் வலதையும் பக்கத்தில் வைத்தால், பின் வலதுதான் மோசமாகத் தெரிகிறது! அ-வை விட ஆ நல்லது, ஆ-வை விட இ நல்லது, ஆனால் இ-யை விட அ நல்லது. ரப்பரில் இப்படி வர வாய்ப்பே இல்லை. ஆழம் என்பது ஒரே எண். ஜோடிப் பார்வை இப்படி வட்டமடித்தால் நான் டயரை ஒப்பிடவில்லை, போட்டோவை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஆறு ஜோடி பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. போட்டோக்கள் ஒப்பிடத் தகுதியானவையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

திரும்பிப் போய் அந்தப் போட்டோக்களைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பின் வலதை அக்கா ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தாள். ஃபிளாஷ் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சம் நேராகப் பள்ளத்தின் அடிவரை போய் நிழலை அழித்துவிடும். நிழல் இல்லை என்றால் ஆழமும் தெரியாது. முன் வலது மழையில் நனைந்திருந்தது, பள்ளத்தில் நின்ற ஈரம் பளபளத்து அடியை மேலே தூக்கிக் காட்டியது. முன் இடதை மட்டும் கார் பார்க் சுவரின் திறப்பு வழியாக வந்த சாயங்கால வெயிலில் எடுத்திருந்தாள். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் கறுப்பு நிழல், பார்க்கப் புது டயர் மாதிரி. போதாததற்கு முன் டயர்கள் ஒரு கம்பெனி, பின் டயர்கள் வேறு கம்பெனி. பள்ளத்தின் அகலமே வேறு. அகலமான பள்ளம் கண்ணுக்கு எப்போதும் ஆழம் குறைந்ததாகவே படும்.

ஆக, கண்ணால் "ஆழமாக இருக்கிறதா" என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். போட்டோவுக்குள்ளேயே ஓர் அளவுகோல் வேண்டும். அது டயரிலேயே இருக்கிறது.

டயரைச் சுற்றி ஓடும் முக்கியப் பள்ளங்களின் அடியில், குறுக்கே சின்னத் திண்ணை போல ரப்பர் மேடுகள் இருக்கும். தேய்மான மேடு என்று சொல்லலாம். பக்கச் சுவரின் மேல் விளிம்பில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தால் கிடைத்துவிடும். சாதாரணக் கார் டயரில் சுற்றிலும் ஆறு இடத்தில் இருக்கும். அந்த மேட்டின் உயரம் 1.6 மி.மீ. சிங்கப்பூரில் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆழமும் அதே 1.6 மி.மீ.தான். சாலையில் படும் ரப்பர்ப் பகுதியான டிரெட் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதை இன்னொரு விதமாகப் பயன்படுத்தினேன். எந்தக் கம்பெனி டயராக இருந்தாலும், எந்தத் தூரத்திலிருந்து எடுத்தாலும், போட்டோவுக்குள் 1.6 மி.மீ. நீளமுள்ள ஒரு ஸ்கேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் அது.

பள்ளத்துக்குக் குறுக்கே சரிவாக, ஏறக்குறைய 45 டிகிரியில் பார்த்தால், எதிர்ப்பக்கச் சுவர் முழுதும் தெரியும். மேடு அந்தச் சுவரில் முட்டும் இடத்தில், அடியிலிருந்து மேட்டின் தலை வரை ஒரு துண்டு, அங்கிருந்து டிரெட்டின் மேற்பரப்பு வரை இன்னொரு துண்டு. சாய்வாகப் பார்ப்பதால் இரண்டு துண்டும் சுருங்கித்தான் தெரியும், ஆனால் ஒரே சுவர் என்பதால் இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கும். அதனால் கோணத்தை அளக்கத் தேவையே இல்லை.

```
ஆழம் (மி.மீ.) = 1.6 × சுவரின் முழு உயரம் ÷ மேட்டின் உயரம்
```

உயரங்களைக் கணினியில் போட்டோவைத் திறந்து பிக்சலில் எண்ணலாம், திரை மேல் ஸ்கேல் வைத்தும் அளக்கலாம். இரண்டையும் ஒரே அலகில் அளந்தால் போதும்.

ரொம்பத் தாழ்வாகப் போய்ப் பார்த்தால் மட்டும் சிக்கல். பக்கத்து விளிம்பு குறுக்கே வந்து எதிர்ச்சுவரின் அடியை மறைத்துவிடும், அடி எங்கே என்று தெரியாமல் ஆழம் அதிகமாகக் கணக்கில் வரும். பள்ளத்தின் தரை ஒரு கீற்றாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அக்காவுக்குப் போன் போட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். "இன்னொரு தடவையா? எல்லாந்தான் அனுப்பினேனே?" என்றாள். "அக்கா, அது எல்லாம் வெளிப்பக்கந்தான். உள்பக்கம் ஒண்ணுகூட இல்லை" என்றேன். அதுதான் இரண்டாவது ஓட்டை. சக்கரம் நேராக நிற்கும்போது முன்னால் குனிந்து எடுத்தால் டயரின் வெளிப்பாதிதான் வரும். உள்விளிம்பு பாடிக்கு அடியில் இருட்டில் கிடக்கும். தேய்மானம் அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.

சமதளமான லாட்டில் நிறுத்தி, கியரை பார்க்கிங்கில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த பிறகு எஞ்சினை அணைக்கச் சொன்னேன். முன் இடது டயரை எடுக்க ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும், வலதுக்கு வலது பக்கம். அப்போது சக்கரத்தின் முன்புறம் வெளியே வந்துவிடும், வண்டிக்கு முன்னால் நின்றால் டிரெட்டும் உள்விளிம்பும் சேர்ந்தே தெரியும். பின் சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை. போனைத் தரையில் வைத்து டயருக்குப் பின்னாலிருந்து மேல் நோக்கி எடுத்துத்தான் ஆக வேண்டும். ஃபிளாஷ் கூடாது. கையில் தனியாக ஒரு டார்ச், கேமராவிலிருந்து ஒரு முழம் தள்ளி, எதிர்ச்சுவர் மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி. டயர் காய்ந்திருக்க வேண்டும், மேடு இருக்கிற இடத்தில் கல், மண் இருந்தால் குச்சியால் எடுத்துவிட வேண்டும்.

கறுப்பு ரப்பரில் மேட்டின் தலை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று போட்டோவில் பிரித்தறிவது கஷ்டம். சாக்பீஸ் இருந்தால் டிரெட்டின் மேற்பரப்பிலும் மேட்டின் தலையிலும் தேய்க்கச் சொன்னேன். வீட்டில் சாக்பீஸ் இல்லை. அக்கா கோலமாவு டப்பாவோடு கீழே இறங்கிவிட்டாள். ஆள்காட்டி விரலை மாவில் தொட்டு மேட்டின் தலையில் ஒரு இழு இழுத்து, உள்ளங்கையால் டிரெட்டின் மேல் தடவியிருக்கிறாள். வந்த போட்டோவில் மேற்பரப்பு வெள்ளைத் தட்டு மாதிரியும், மேடு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மாதிரியும், மீதி எல்லாம் கறுப்பாகவும் இருந்தது. விளிம்புகள் கத்தியால் வெட்டினாற்போல் தெளிவு. சாக்பீஸை விட இதுவே நன்றாக ஒட்டியது என்று நினைக்கிறேன். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

ஒவ்வொரு டயருக்கும் உள்பக்கப் பள்ளம், நடுப்பள்ளம், வெளிப்பக்கப் பள்ளம் என்று மூன்று போட்டோ. அப்புறம் வண்டியை ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தி இன்னொரு தடவை. அந்த வண்டியின் டயர் 205/55, 16 அங்குல ரிம். சுற்றளவு 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதனால் ஒரு மீட்டர் நகர்த்தினால் அரைச் சுற்று. ஒரே இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அதில் மாட்டிக்கொள்ளும். இவளுடைய டயர்களில் அப்படி எதுவும் இல்லை, அரைச் சுற்றுக்கு அப்பாலும் அதே அளவுதான்.

இனி கணக்கு. முன் வலதில் மூன்று பள்ளமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நடுப்பள்ளத்தில் சுவரின் முழு உயரம் 118 பிக்சல், மேடு 61. ஆழம் 3.1 மி.மீ. பின் இடதில் 171-க்கு 59, அதாவது 4.6. பின் வலதில் 176-க்கு 60, அதாவது 4.7. இரண்டிலும் ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் இல்லை.

முன் இடதின் வெளிப்பள்ளத்தில் 132-க்கு 60. அது 3.5 மி.மீ. முன் வலதை விட அதிகம். இந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் "பரவாயில்லை" என்று சொல்லியிருந்தேன். உள்பள்ளத்தின் போட்டோவைத் திறந்தபோது அளக்கும் முன்பே வயிற்றில் ஏதோ செய்தது. மேட்டின் வெள்ளைக் கோட்டுக்கும் மேலே இருக்கும் வெள்ளைத் தட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்பு நூல், அவ்வளவுதான். சுவர் 71 பிக்சல், மேடு 58. ஆழம் 2 மி.மீ.க்கும் ஒரு மயிரிழை கீழே. அதற்கும் உள்ளே, டயரின் உள்தோளில் குறுக்கு வெட்டுகள் பாதி அழிந்து வழவழப்பாக இருந்தது. தோளில் தேய்மான மேடு கிடையாது, அதனால் அந்தப் பட்டையை இந்த முறையில் அளக்க முடியாது. அங்கே வெட்டு இருக்கிறதா அழிந்துவிட்டதா என்று மட்டும் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது வரிசை எப்படிப் போடுவது? சராசரி எடுத்தால் முன் இடது 2.7 அல்லது 2.8 வரும், முன் வலதுக்கு மிகவும் நெருக்கமாகத் தெரியும், பெரிய அவசரம் இல்லை என்று தோன்றும். ஆனால் டயர் சராசரியில் ஓடுவதில்லை. எந்தப் பள்ளம் மிகக் குறைவோ, அதுதான் அந்த டயரின் ஆழம். சட்டமும் அந்த இடத்தைத்தான் பார்க்கும், மழைத் தண்ணீரும் அந்த இடத்தைத்தான் தேடும். அப்படிப் பார்த்தால் வரிசை முன் இடது, முன் வலது, அப்புறம் பின் இரண்டு. நான் "பரவாயில்லை" என்று சொன்ன டயர்தான் முதலில் போக வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை டிரெட் ஆழம் அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். சில வெள்ளிக்குக் கிடைக்கும் சின்னக் கருவி. ஊசியைப் பள்ளத்தில் விட்டு, தட்டை டிரெட் மேல் அழுத்தி அளவைப் படிக்க வேண்டும். ஊசி மேட்டின் மேல் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் 1.6 குறைவாகக் காட்டும். முன் இடது உள்பள்ளம் 2.1, வெளிப்பள்ளம் 3.7. முன் வலது 3.2. பின் இடது 4.8, பின் வலது 4.7. வரிசை அப்படியே நின்றது. ஆனால் கடைசி இரண்டைப் பாருங்கள். போட்டோ பின் வலதுதான் ஆழம் என்றது, கேஜ் பின் இடது என்றது. 

இதில் ஆச்சரியம் இல்லை. மேட்டின் விளிம்பைக் குறிக்கும்போது இரண்டு பிக்சல் அங்கே இங்கே போகும். 60-இல் 2 என்றால் நூற்றுக்கு மூன்று. 4.7 மி.மீ. டயரில் அது 0.15 மி.மீ., 2 மி.மீ. டயரில் வெறும் 0.06. அதாவது டயர் நன்றாக இருக்கும்போது இந்த முறை சொதப்பும், ஆபத்தை நெருங்க நெருங்கத் துல்லியமாகும். நமக்கும் அதுதான் வேண்டும். 0.3 மி.மீ.க்குள் இருக்கும் வித்தியாசத்தைப் போட்டோவை வைத்துத் தீர்க்கப் போகக் கூடாது, இரண்டும் சமம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

போட்டோக் கணக்கு எதிலும் கேஜைத் தாண்டவில்லை, சமமாகவோ குறைவாகவோதான் வந்தது என்பதையும் கவனித்தேன். முன் டயரில் மேட்டின் மேல் ஒரு தடவை, பக்கத்தில் அடியில் ஒரு தடவை கேஜை வைத்துக் கழித்துப் பார்த்தேன். மேடு 1.7 இருந்தது. தரவிதிப்படி மேடு 1.6-க்குக் குறையக் கூடாது, கொஞ்சம் கூடலாம். ஆகவே 1.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால் தவறு பெரும்பாலும் பாதுகாப்பான பக்கம்தான் சாயும்.

ஒரே சக்கரம் மட்டும் உள்பக்கம் தேய்வது ஏன் என்பது அடுத்த கேள்வி. காற்று குறைவாக இருந்தால் இரண்டு தோளும் தேயும். அதிகமாக இருந்தால் நடுப்பகுதி. முன் சக்கரங்களின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், சரியில்லை என்றால் பெரும்பாலும் முன் இரண்டிலும் அந்தத் தடம் விழும். இங்கே வலது டயர் சமமாகத் தேய்ந்திருக்கிறது, இடது மட்டும் உள்ளே சரிகிறது. அந்த ஒரு சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு ஓடுகிறது, கேம்பர் போயிருக்கிறது என்று சந்தேகப்பட்டேன். "எங்கேயாவது இடிச்சீங்களா அக்கா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போன வருஷம் மழையில திரும்பறப்போ கர்ப்ல ஏறி இறங்குச்சு. ஒண்ணும் ஆகலைன்னு விட்டுட்டேன்" என்றாள்.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் அலைன்மெண்ட் பார்த்தோம். மெஷின் தாளில் முன் இடது கேம்பர் வலதை விட ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாக உள்ளே சாய்ந்திருந்தது. வண்டியைத் தூக்கிப் பார்த்ததில் இடது சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்ம் லேசாக வளைந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் அண்ணன், "தம்பி, இதை மாத்தாம புது டயர் போட்டா அதையும் இது தின்னுடும்" என்றார். ஆர்மை மாற்றி, மறுபடி அலைன்மெண்ட் செய்த பிறகுதான் டயரில் கை வைத்தோம்.

அக்கா ஒரு கேள்வி கேட்டாள்: முன் இடது மட்டும் மோசம் என்றால் அது ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன? ஒரே அச்சில் இடது 8 மி.மீ. புதுசு, வலது 3 மி.மீ. பழசு என்றால், ஈரச் சாலையில் பிரேக் போடும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. முன் வலதும் 3.2-இல்தான் இருக்கிறது, அடுத்து வரிசையில் நிற்பதும் அதுதான். அதனால் முன் இரண்டும் போகட்டும் என்று முடிவு செய்தோம். ஆனால் புது டயர்களை முன்னால் போடவில்லை. பின்னால் இருந்த 4.7 மி.மீ. ஜோடியை முன்னுக்குக் கொண்டுவந்து, புதுசைப் பின்னால் போடச் சொன்னேன். மழையில் முன் டயர் வழுக்கினால் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழலும். பட்டறையில் வழக்கம்போலப் புதுசை முன்னால் எடுத்து வைத்திருந்தார்கள், சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றுவதற்கு முன் பழைய பின் டயர்களின் தயாரிப்புத் தேதியையும் பார்த்துக்கொண்டேன். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முழு எண் சில டயர்களில் ஒரு பக்கச் சுவரில்தான் இருக்கும், அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் அதையும் கீழே படுத்துத்தான் போட்டோ எடுக்க வேண்டும்.

மலாக்கா போய்த் திரும்பி வந்தார்கள், போகும்போது நல்ல மழையாம். டிசம்பர் கடைசியில் அக்கா கேட்காமலேயே இரண்டு போட்டோ அனுப்பினாள், கோலமாவு தடவி. இப்போது முன் இடதில் இருக்கும் டயரின் உள்பள்ளம், வெளிப்பள்ளம். அதே மேடு, அதே கோணம். அளந்து பார்த்தேன். உள்ளே 4.5, வெளியே 4.5.